கிளம்புவதற்கு முன் வீட்டில் ஊற்றிக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வெளியே போகிற நாளில், கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஆளுக்கு இரண்டு மூன்று ரவுண்டு முடித்துவிட்டுப் புறப்படும் குழுக்களுக்கு இந்த மடலை எழுதுகிறோம். முக்கியமாக, அந்த அறையில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பவர் இதைப் படிக்க வேண்டும். அன்றைய இரவு எப்படி முடியும் என்பதில் பெரும்பகுதி அவர் கையில்தான் இருக்கிறது. பெரும்பாலும் அது அவருக்கே தெரிவதில்லை.

நீங்கள் சொல்லும் காரணங்கள் புரிகின்றன. வெளியே குடித்தால் செலவு அதிகம். கூட்டத்துக்குள் நுழையும்போது இருக்கும் கூச்சம் முன்கூட்டியே கொஞ்சம் போட்டால் விலகிவிடும். எல்லோரும் சேர்ந்து கிளம்பலாம். இவற்றோடு இன்னொரு கணக்கும் எப்போதும் வரும்: "வீட்டுல கொஞ்சம் போட்டுட்டா அங்க அதிகம் குடிக்க வேண்டியிருக்காது." இந்தக் கணக்குதான் தவறு. ஸ்விட்சர்லாந்தில் இளைஞர்கள் குடிக்கும் மாலைகளிலேயே கைப்பேசி வழியாகக் கேட்டுத் திரட்டிய ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. பார், கிளப் போன்ற வெளியிடத்தில் மட்டும் குடித்த இரவுகளில் சராசரியாக நான்கு பானங்களைச் சற்றே தாண்டியவர்கள், முதலில் வேறெங்காவது குடித்துவிட்டுப் பிறகு வெளியிடத்துக்குப் போன இரவுகளில் ஏழு பானங்கள் வரை போயிருந்தார்கள். வீட்டில் குடித்தது வெளியில் குடிப்பதைக் குறைக்கவில்லை, அதன்மேல் போய்ச் சேர்ந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஒரே ஒரு மாலையை எடுத்துக்கொண்டு விளக்குகிறோம். மூன்று பேர், 40 சதவீத மது உள்ள 750 மில்லி பாட்டில் ஒன்று. ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்து, எட்டு நாற்பதுக்குக் கிளம்புகிறார்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டால் மூவரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "ஆளுக்கு மூணு லார்ஜ்." பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார்கள். ஒரு லார்ஜ் 60 மில்லி என்றால் ஒன்பது லார்ஜுக்கு 540 மில்லி. பாட்டிலில் இன்னும் 210 மில்லி மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் பாட்டில் காலி.

அந்த 210 மில்லி எங்கேயும் சிந்தவில்லை. ஒவ்வொரு ரவுண்டிலும் 60 மில்லி என்று நினைத்து 83 மில்லி ஊற்றப்பட்டிருக்கிறது. வீட்டில் அளவு பார்க்காமல் ஊற்றும்போது இது சாதாரணமாக நடக்கும். உயரமில்லாத அகலமான டம்ளரில் அடியில் ஒரு விரல் உயரம் ஊற்றினாலே நிறைய சேர்ந்துவிடும், கண்ணுக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும். ஐஸ் போட்ட பிறகு ஊற்றினால் மட்டம் எங்கே இருக்கிறது என்றே புரியாது. இரண்டாவது ரவுண்டு முதல் ஊற்றுபவரும் போதையில் இருப்பதால் கை இன்னும் தாராளமாகிவிடும். எல்லாவற்றையும் விட மோசமானது, பாதி காலியான டம்ளரிலேயே மேலே மேலே ஊற்றிக்கொண்டே போவது. அப்படிச் செய்தால் ரவுண்டு என்ற கணக்குக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. டம்ளர் ஒருமுறைகூடக் காலியாகாததால், "இன்னும் முதல் கிளாஸ்தான் ஓடுது" என்று ஒருவர் ஒன்பது மணி வரை சொல்லிக்கொண்டிருக்க முடியும்.

நம்பக் கடினமாக இருந்தால் குடிக்காத ஒரு நாளில் சோதித்துப் பாருங்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் டம்ளரில், வழக்கமாக ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். இருமல் மருந்து பாட்டிலோடு வரும், கோடு போட்ட சின்ன மூடி வீட்டில் இருக்கும். அந்த மூடியால் தண்ணீரை எடுத்து அளந்துபாருங்கள். 60 மில்லிக்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் கை நிதானமானது. 75ஐத் தாண்டினால், இதுவரை நீங்கள் எண்ணிய ரவுண்டுகள் எல்லாவற்றையும் திரும்ப எண்ண வேண்டும்.

இனி அந்த மூவரில் 70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் குடித்தது 250 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் 100 மில்லி, எடையில் ஏறத்தாழ 79 கிராம். உடலில் பரவும் விதத்தை வைத்துக் கணக்கிட்டால், ஒன்பதரை மணிக்கு அவருடைய ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் ஆல்கஹால் இருக்கும். உண்மையிலேயே மூன்று லார்ஜ் மட்டும் குடித்திருந்தால் அது 0.8 அளவில் நின்றிருக்கும். வாகனம் ஓட்டுவதற்குப் பல நாடுகள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 0.5 அல்லது அதற்கும் குறைவு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இவை மதிப்பீட்டு எண்கள்தான். சாப்பாடு, உடல்வாகு, குடித்த வேகம் என்று பலவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் கூடும், குறையும். ஆனால் அதே குழுவில் 55 கிலோ எடையுள்ள பெண் ஒருவர் அதே டம்ளர்களை அதே வேகத்தில் குடித்திருந்தால், வெளியே ஒரு வாய்கூடக் குடிக்காமலே அவருக்கு அது 2.2ஐ எட்டிவிடும். எடை குறைவு, உடலில் உள்ள நீரின் பங்கும் குறைவு என்பதால் அதே மது அவருக்குள் இன்னும் அடர்த்தியாக நிற்கிறது. ஆளுக்குச் சமமாக ஊற்றுவதை நியாயம் என்று நினைத்துத்தான் செய்கிறீர்கள். உடலைப் பொறுத்தவரை அது சமமே இல்லை.

அடுத்து நாங்கள் மிகவும் கவலைப்படுவது கிளம்பும்போது போடும் அந்தக் கடைசி ரவுண்டைப் பற்றி. வண்டி வாசலில் வந்து நிற்கும், ஒருவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார், "சீக்கிரம் முடி" என்று சத்தம் வரும். கையில் இருப்பதை ஒரே மூச்சில் இறக்கிவிட்டுப் படியிறங்குவீர்கள். அந்த நிமிடத்தில் நீங்கள் உணரும் போதை முந்தைய இரண்டு ரவுண்டுகளுடையது. இப்போது குடித்தது இன்னும் வயிற்றில்தான் கிடக்கிறது. ஆல்கஹால் வயிற்றிலிருந்து மெதுவாகவும், சிறுகுடலுக்குப் போன பிறகு வேகமாகவும் ரத்தத்தில் கலக்கும். கடைசி வாய்க்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அளவு ஏறிக்கொண்டே இருக்கலாம். நாம் பார்த்த ஆண், வீட்டுப் படியிறங்கும்போது 0.9 அளவில் இருப்பார். நிதானமாக நடப்பார், தெளிவாகப் பேசுவார், "நான் ஓகே" என்பார். போகிற இடத்தின் வாசலில் நிற்கும் காவலாளிக்கும் அவர் சரியாகத்தான் தெரிவார். உள்ளே போய் உட்காரும் நேரத்தில், ஒரு சொட்டுகூடப் புதிதாகக் குடிக்காமல், அது 1.3ஐ நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். அவர் "ஓகே" என்று சொன்னபோதே அந்த வார்த்தை காலாவதியாகிவிட்டது.

வெறும் வயிற்றில் குடித்தால் இந்த ஏற்றம் இன்னும் செங்குத்தாக இருக்கும். வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று வீட்டில் சிப்ஸோடு நிறுத்திக்கொள்வதுதான் இந்தப் பழக்கத்தில் வழக்கம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் மது வயிற்றிலேயே கொஞ்ச நேரம் தங்கி மெதுவாகக் குடலுக்குப் போகும், உச்சமும் குறையும். சிப்ஸுக்கு அந்த வேலை செய்யும் கனம் கிடையாது. கலந்து குடிக்கும் பானமும் இதில் சேரும். சோடா, கோலா போன்ற வாயு நிறைந்த பானங்கள் பலருக்கு உறிஞ்சுதலை வேகப்படுத்துகின்றன. சர்க்கரை இல்லாத டயட் கோலா இன்னும் வேகம், ஏனென்றால் சர்க்கரை இருந்தால் வயிறு அதைச் சற்று நேரம் பிடித்துவைக்கும். எனர்ஜி டிரிங்க் கலந்தால் தூக்கக் கலக்கம் தெரியாது. ஆனால் ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் அதனால் குறைவதில்லை. களைப்பு என்ற கடைசி எச்சரிக்கை மணியையும் அணைத்துவிட்டு அப்படியே குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

வெளியிடத்துக்குப் போன பிறகு நடப்பது, ஆல்கஹாலைப் போலவே மனக்கணக்கையும் சார்ந்தது. உள்ளே போனதும் முதலில் வரும் கேள்வி, "என்ன சொல்லலாம்?" அங்கே அதுதான் முதல் ரவுண்டு. வீட்டில் குடித்தது வேறு நிகழ்ச்சி போலவும், இங்கே எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்குவது போலவும் மனம் எடுத்துக்கொள்கிறது. "இன்னிக்கு மூணோட நிறுத்திடுவேன்" என்று காலையில் தெளிவாக முடிவெடுத்தவர்கூட, அந்த மூன்றை இங்கேதான் எண்ணத் தொடங்குவார். எவ்வளவு குடிப்பது என்று திட்டமிட்டது தெளிந்த மூளை. அதை நிறைவேற்ற வேண்டிய மூளையோ ஏற்கெனவே 1.3இல் இருக்கிறது. இதைத்தான் கட்டுப்பாடு போவது என்று சொல்கிறோம். தள்ளாடுவதும் உளறுவதும் பிறகு வருகிறவை. முதலில் போவது "போதும்" என்று சொல்லும் திறன்.

இதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு ஆசை எழும்போது அதைத் தடுத்து நிறுத்துவது, விளைவை யோசிப்பது, எடுத்த முடிவை நினைவில் வைத்திருப்பது எல்லாம் அதைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. அந்தத் தடை கொஞ்ச அளவிலேயே தளர்ந்துவிடுகிறது. போதை ஏறும் கட்டத்தில் சுறுசுறுப்பும் சந்தோஷமும் கூடுவதால் இன்னொன்று வேண்டும் என்று தோன்றும், நிறுத்தத் தோன்றாது. வீட்டில் வேகமாகக் குடித்துவிட்டு வந்தவர் அந்த ஏறும் கட்டத்தின் நடுவில்தான் அடுத்த ஆர்டரைச் சொல்கிறார். அதனால்தான் அங்கே கேட்பது பெரும்பாலும் ஷாட்டாகவோ இரட்டை அளவாகவோ இருக்கிறது.

நம் மூவரில் அந்த ஆண் வெளியே 330 மில்லி பீர் இரண்டு மட்டுமே குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் குடிக்காமல் வந்து அந்த இரண்டு பீரை மட்டும் குடித்திருந்தால் அவர் பெரிய சிக்கலில்லாமல் இருந்திருப்பார். ஆனால் இன்று பத்தரை மணிக்கு அவர் 1.7ஐ நெருங்கிவிடுவார். சண்டை, விழுந்து அடிபடுவது, தெரியாதவரோடு கிளம்பிப் போவது, மறுநாள் வெட்கப்படும்படி நடந்துகொள்வது எல்லாம் நடக்கக்கூடிய அளவு இது. அவரைக் கேட்டால், "ரெண்டு பீர்தான் அடிச்சேன், எப்படி இப்படி ஆச்சுன்னே தெரியல" என்பார். பீரில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்றுகூடச் சந்தேகப்படுவார். பீரின் மேல் தவறு இல்லை.

சீக்கிரமாக ஏறும் மது நினைவையும் துண்டித்துவிடும். லிட்டருக்கு 2 கிராம் அளவில் இது பரவலாகக் காணப்படுகிறது. ஏறும் வேகம் அதிகமாக இருந்தால் அதற்கு முன்னதாகவே நிகழலாம். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பெரிய ரவுண்டுகளை முடிக்கும் இந்தப் பழக்கம் வேகமாக ஏறுவதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: நினைவு பதியாமல் போன நேரத்தில் ஒருவர் மயங்கிக் கிடப்பதில்லை. பேசுவார், ஆடுவார், பணம் கொடுப்பார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். எதுவும் பதியவில்லை என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு முன் கேட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், சொன்ன கதையையே மறுபடி சொன்னால், அதுதான் அடையாளம். அந்த நேரத்திலிருந்து அவருக்கு மது கொடுக்க வேண்டாம், தனியாக விடவும் வேண்டாம். அவர் எதற்குச் "சரி" என்று சொன்னாலும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு இறங்கும் கட்டம். பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு "தெளிஞ்சிடுச்சு" என்று ஒருவர் சொல்வார். ரத்தத்தில் அளவு இறங்கத் தொடங்கும்போது, ஏறும்போது அதே அளவில் இருந்ததை விடத் தெளிவாக இருப்பதாக உடல் உணரும். ஆனால் தன்னைக் கட்டுப்படுத்தி நிறுத்தும் திறன் அந்த உணர்வு திரும்பும் வேகத்தில் திரும்புவதில்லை. அதனால்தான் வண்டிச் சாவி இந்த நேரத்தில் வெளியே வருகிறது. உடல் மணிக்கு லிட்டருக்கு 0.15 கிராம் அளவில்தான் மதுவைக் கழிக்கிறது. காபி, குளித்தல், வாந்தி எதுவும் அதை வேகப்படுத்தாது. பத்தரைக்கு 1.7இல் இருந்தவர் மறுநாள் காலை ஏழு மணிக்கும் 0.4 அளவில் இருப்பார்.

குடிக்கவே கூடாது என்று உங்களிடம் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. கிளம்புவதற்கு முன் குடிப்பதை விட்டுவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து, அதை மறைக்கப் போவதுமில்லை. விட மாட்டோம் என்றால் ஊற்றுபவரிடம் சில வேண்டுகோள்கள். சாப்பாட்டை முதலில் போடுங்கள், பாட்டிலைப் பிறகு திறங்கள். 30 மில்லி அளவுக் குவளை ஒன்றை வாங்கி, எல்லா டம்ளருக்கும் அதால் மட்டும் ஊற்றுங்கள். டம்ளர் முழுவதும் காலியாகாமல் மேலே ஊற்றாதீர்கள். ஆளுக்கு 30 மில்லி அளவில் இரண்டு என்று தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொண்டு, மீதியுள்ள பாட்டிலை மூடி உள்ளே வையுங்கள். கண்முன் இருக்கும் பாட்டில் காலியாகாமல் இருப்பது அபூர்வம். கடைசி வாய்க்கும் வாசல் தாண்டுவதற்கும் நடுவில் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். எட்டு நாற்பதுக்குக் கிளம்புவதென்றால் ஏழு நாற்பதுக்கு நிறுத்திவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் ஒருவர் உண்மையில் எந்த அளவில் இருக்கிறார் என்பது அவருக்கே தெரியவரும். நிறையப் பேர் அப்போது, "அங்க போய் ஒண்ணு போதும்" என்று தாமாகவே சொல்வார்கள். வீட்டில் குடித்த எண்ணிக்கையைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, வெளியே கேட்கும் முதல் பானத்தை மூன்றாவது என்று எண்ணுங்கள். வேகமாகக் குடிக்கவைக்கும் பந்தயங்களும் விளையாட்டுகளும் இந்த ஏற்பாடு முழுவதையும் பத்து நிமிடத்தில் குலைத்துவிடும், அவை வேண்டாம்.

கடைசியாக, கிளம்பும் நேரத்தில் சோபாவில் சாய்ந்துவிட்டவரைப் பற்றி. "நீ இங்கேயே படு, நாங்க போயிட்டு வந்துடறோம்" என்று போர்வையைப் போர்த்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவது அன்பினால்தான். ஆனால் அவர் வயிற்றில் கிடக்கும் கடைசி ரவுண்டு, அவர் தூங்கத் தொடங்கிய பிறகும் ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் பார்த்துவிட்டுப் போன நிலையில் அவர் இருக்க மாட்டார். போதை மிகவும் முற்றினால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தடுக்கும் அனிச்சைச் செயல் மங்கிவிடும். மல்லாந்து படுத்தபடி வாந்தி எடுத்தால் அதைத் துப்ப முடியாது.

அதனால் யாராவது ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் காலை முட்டியில் மடக்கி, முகம் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி தலையைச் சாய்த்து வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லித் தோளைத் தட்டுங்கள், மூச்சைக் கவனியுங்கள். தட்டியும் கிள்ளியும் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு விடுகிறார், இரண்டு மூச்சுக்கு நடுவில் பத்து நொடி இடைவெளி வருகிறது, உதடோ நகமோ நீலமாகிறது, உடல் சில்லிட்டிருக்கிறது, வலிப்பு வருகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். விரலை வாயில் விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள், காபியும் கொடுக்க வேண்டாம், தண்ணீரைத் தலையில் ஊற்றவும் வேண்டாம். வருபவர்களிடம் எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், கடைசியாக எப்போது குடித்தார், பாட்டிலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை, வலி மாத்திரை, வேறு போதைப்பொருள் ஏதாவது சேர்த்து எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுவின் பாதிப்புகளைக் குறித்து எழுதியும் பேசியும் வரும் சிலர்